புது பிராசஸா, இன்னொரு திரெட்டா?

லினக்ஸில் ஒரு நிரல் 1 ஜிபி நினைவகத்தோடு ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அது `fork()` என்று கேட்டால் புது பிராசஸ் பிறக்கும். அந்த 1 ஜிபியும் உடனே நகலாவதில்லை; இரண்டில் ஒன்று எழுத முற்படும்போதுதான் அந்த 4 கேபி பக்கம் மட்டும் நகலாகும். ஆனால் எந்தப் பக்கம் எங்கே என்று சொல்லும் அட்டவணையை அப்போதே படியெடுத்தாக வேண்டும். 2,62,144 பக்கங்கள், பக்கத்துக்கு 8 பைட்: 2 எம்பி. நேரம் போவது பெரும்பாலும் இங்கேதான்.

திரெட்டுக்கு இந்த வேலையே இல்லை. அட்டவணை, நினைவகம், திறந்த கோப்புகள் எல்லாம் பொது; தனக்கென்று ஒரு ஸ்டாக்கும் ரெஜிஸ்டர் மதிப்புகளும் போதும். மலிவுதான். ஆனால் ஒரு திரெட் தவறான முகவரியைத் தொட்டால், `Segmentation fault` என்று மொத்த நிரலும் விழும். குரோம் உலாவி இணையதளங்களைத் தனித்தனி பிராசஸ்களில் வைத்து, நினைவகத்தை அள்ளி விழுங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.