கல்லா ஸ்பீக்கர் யார் பேச்சைக் கேட்கும்?

கோவில்பட்டியில் பேருந்து நிறுத்தத்தை ஒட்டி அத்தானுக்கு ஒரு டீக்கடை இருக்கிறது. டீ, வடை, முறுக்கு, கடலைமிட்டாய் என்று சாயங்காலம் நிற்க இடமிருக்காது. கடைப் பையன்களுக்கும் வாடிக்கையாளர்களுக்கும் அவர் ‘அண்ணாச்சி’. கல்லாவுக்கு மேலே பலகையில் ஒரு புளூடூத் ஸ்பீக்கர் இருக்கும். காலையில் பக்திப் பாட்டு, மதியத்துக்கு மேல் பழைய பாட்டு. அதைவிட முக்கியமான வேலை ஒன்றும் அதற்கு உண்டு. யாராவது க்யூஆர் அட்டையை ஸ்கேன் செய்து பணம் போட்டால், அண்ணாச்சியின் போனில் உள்ள வணிகர் செயலி “இத்தனை ரூபாய் வந்தது” என்று சொல்லும். அந்தக் குரல் ஸ்பீக்கர் வழியே கடை முழுக்கக் கேட்கும். பையன்கள் அதைக் கேட்டுத்தான் பொட்டலத்தைக் கொடுப்பார்கள்.

ஒருநாள் சாயங்காலம் ஏழு மணிக்கு அண்ணாச்சி சீனி எடுக்கப் பின்பக்கத்துக் குடோனுக்குப் போனார். போன் சட்டைப் பையில். ஓடிக்கொண்டிருந்த பாட்டு விட்டுவிட்டுக் கேட்டு நின்றது. கொஞ்ச நேரத்தில் வேறொரு பாட்டு, காது அடைக்கிற சத்தத்தில் கிளம்பியது. பஸ்ஸுக்கு நின்ற கல்லூரிப் பையன்களில் ஒருவன் போனிலிருந்து வந்தது அது. பாட்டு பரவாயில்லை. அதே நேரத்தில், தினம் வரும் ஒரு பெரியவர் முறுக்குக்கு நூற்றிருபது ரூபாய் போட்டிருந்தார். கடைப் பையனுக்குச் சத்தம் கேட்கவில்லை. “ஐயா, பணம் வரலியே” என்றான். அவர் போனைக் காட்டினார். போலி ஸ்கிரீன் காட்டி ஏமாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள் என்று பையனுக்குச் சொல்லி வைத்திருந்ததால், அவன் மறுபடியும் “வரலை” என்றான். பெரியவர் முறுக்கை அங்கேயே வைத்துவிட்டு நடந்துவிட்டார். பணம் வந்திருந்தது. “நூற்றிருபது ரூபாய்” என்ற அறிவிப்பு குடோனில், அண்ணாச்சியின் சட்டைப் பைக்குள் ஒலித்திருக்கிறது.

அன்று ராத்திரி கடையடைத்த பிறகு அத்தான் என்னைக் கூப்பிட்டார். “மாப்ளே, இத ஒரு வழி பண்ணு. பையங்களுக்குப் புரியிற மாதிரி எழுதி ஒட்டணும்” என்றார். எழுத உட்காருவதற்கு முன்னால், அந்தப் பையனால் எப்படி இது முடிந்தது என்று பார்க்க வேண்டியிருந்தது.

புளூடூத்தில் இரண்டு வேலைகள் இருக்கின்றன. முதலாவது ஜோடி சேர்ப்பது. போனும் ஸ்பீக்கரும் முதல்முறை சந்திக்கும்போது தங்களுக்குள் ஒரு ரகசியச் சாவியை உண்டாக்கி, இரண்டும் அதை நினைவில் வைத்துக்கொள்கின்றன. இரண்டாவது இணைவது. ஏற்கெனவே சாவி இருக்கிற போன் வந்தால், எதுவும் கேட்காமல் ஸ்பீக்கர் சேர்த்துக்கொள்ளும். பழைய கருவிகளில் ஜோடி சேர்க்க 0000 அல்லது 1234 என்ற எண்ணைக் கேட்கும். 2007-இல் வந்த புளூடூத் 2.1-க்குப் பிறகு, திரையும் எண் விசையும் இல்லாத கருவிகளுக்கு அந்தக் கேள்வியும் தேவையில்லாமல் போயிற்று. ஸ்பீக்கரில் எண்ணைத் தட்ட இடமேது? அதனால், அது கதவைத் திறந்து வைத்திருக்கும் நேரத்தில் யார் தட்டினாலும் உள்ளே விட்டுவிடும்.

அந்தக் கதவு எப்போது திறக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பெரும்பாலான ஸ்பீக்கர்கள் ஆன் செய்ததும், கடைசியாகச் சேர்ந்திருந்த போனைத் தேடும். அது கிடைக்காவிட்டால், மலிவான ஸ்பீக்கர்களில் பலவும் தாமாகவே புதிய போன்களுக்குக் கதவைத் திறந்துவிடும். நீல விளக்கு வேகமாக மினுக்கினால் அந்த நிலை என்று பொருள். பாட்டு நடுவே இணைப்பு அறுந்தாலும் இதேதான். சாதாரண ஸ்பீக்கருக்குப் பத்து மீட்டர் தூரம் என்று பெட்டியில் போட்டிருக்கும். அது வெட்டவெளிக் கணக்கு. நடுவில் சுவர், இரும்பு அலமாரி, மனித உடம்பு வந்தால் தூரம் சுருங்கும். நம் உடம்பில் தண்ணீர் அதிகம், அது இந்த அலையை விழுங்கிவிடும். சட்டைப் பையில் போனை வைத்துக்கொண்டு சுவருக்குப் பின்னால் போன அண்ணாச்சி, தெரியாமலே கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

அந்தக் கல்லூரிப் பையனுக்கோ அதுகூடத் தேவைப்படவில்லை. ஆயுத பூஜையன்று கடையில் பாட்டுப் போட அவன் போனைத்தான் ஒருமுறை சேர்த்திருக்கிறார்கள். அவன் சாவி அன்றிலிருந்து ஸ்பீக்கருக்குள் கிடந்தது. ஸ்பீக்கர் காலியானதும், பழைய பட்டியலில் பெயரைத் தொட்டான், சேர்ந்துவிட்டது. அவன்மேல் எனக்குக் கோபமில்லை. ஒருமுறை கடையே அவனிடம் சாவியைக் கொடுத்திருக்கிறது.

அடுத்த நாள் காலை, கூட்டம் வருமுன் ஸ்பீக்கரைச் சோதித்தோம். இதை எந்தக் கடையிலும் பத்து நிமிடத்தில் செய்துவிடலாம். அண்ணாச்சியின் போனில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே, இதுவரை சேர்க்காத என் போனில் ஸ்பீக்கரைத் தேடினேன். பெயர் வரவில்லை. வந்து, சேரவும் செய்திருந்தால் அது ஒரே நேரத்தில் இரண்டு போன்களை ஏற்கிற ரகம் என்று அர்த்தம். அப்படிப்பட்டதில் அண்ணாச்சி பக்கத்தில் நின்றாலும் பாட்டைப் பிடுங்கலாம், அந்த வசதியை அணைத்தாக வேண்டும். பிறகு அண்ணாச்சியின் போனில் புளூடூத்தை அணைத்துவிட்டுக் காத்திருந்தோம். விளக்கு மினுக்க ஆரம்பித்தது, என் போனில் ஸ்பீக்கரின் பெயர் வந்துவிட்டது. தானாகக் கதவைத் திறக்கிற ரகம். பொத்தானை அழுத்தினால் மட்டுமே திறக்கிற ரகமாக இருந்திருந்தால் பாதி வேலை குறைந்திருக்கும். புதிதாக வாங்குகிறவர்கள் இதைக் கடையிலேயே சோதித்துவிட்டு வாங்கலாம்.

அப்புறம் பழைய சாவிகளை அழித்தோம். எந்தப் பொத்தானை எவ்வளவு நேரம் அழுத்த வேண்டும் என்பது மாடலுக்கு மாடல் மாறும், கூட வந்த சின்னப் புத்தகத்தில் இருக்கும். இதில் ஒரு சிக்கல் வரும். ஸ்பீக்கரில் அழித்துவிட்டு அண்ணாச்சியின் போனில் அழிக்காமல் விட்டால், போன் பழைய சாவியை நீட்டும், ஸ்பீக்கர் மறுக்கும். “இணைக்க முடியவில்லை” என்றே வந்துகொண்டிருக்கும். ஸ்பீக்கர் கெட்டுவிட்டது என்று பழுது பார்க்கிறவரிடம் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. போனில் அந்தப் பெயருக்குப் பக்கத்துப் பல்சக்கரத்தைத் தொட்டு `Forget` அல்லது `Unpair` கொடுத்துவிட்டு, புதிதாகச் சேர்த்தால் சரியாகிவிடும்.

அதே பக்கத்தில் இன்னொன்றையும் மாற்றினோம். ஆண்ட்ராய்டு போனில் `Media audio` என்றும் `Phone calls` என்றும் தனித்தனி விசைகள் இருக்கும், சில போன்களில் சொற்கள் லேசாக மாறும். முதலாவதை வைத்துக்கொண்டு இரண்டாவதை அணைத்துவிட்டோம். இல்லாவிட்டால் அக்கா வீட்டிலிருந்து பேசுவது, சரக்குக்காரர் பாக்கி கேட்பது எல்லாம் டீக்கடைக்கே கேட்கும். பாட்டும் பண அறிவிப்பும் முதல் விசை வழியாகத்தான் போகின்றன, அவற்றுக்குக் கேடில்லை.

பெயரை மாற்றவும் பார்த்தேன். பக்கத்து செல்போன் கடையிலும் அதே மாடல் ஸ்பீக்கர், அதே பெயர். அண்ணாச்சி தவறுதலாக அதைத் தொட்டால் நம் பாட்டு அங்கே பாடும். போனில் பெயரை மாற்றினால் அந்தப் போனில் மட்டுமே மாறித் தெரியும், மற்றவர்களுக்குப் பழைய பெயர்தான். நிஜமாக மாற்ற வேண்டுமென்றால் ஸ்பீக்கர் கம்பெனியின் செயலியில் அதற்கு வசதி இருக்க வேண்டும். இதற்கு இல்லை. இருந்தாலும் அண்ணாச்சி போனில் ‘நம்ம கடை’ என்று வைத்தோம், அவருக்கு அடையாளம் தெரிய அது போதும்.

இத்தனைக்குப் பிறகும் ஓட்டை ஒன்று மிச்சம். அண்ணாச்சியின் போன் விலகினால் கதவு திறக்கும். அதைப் பொத்தானால் அடைக்க முடியாது, கடையின் நடைமுறையால்தான் அடைக்க முடியும். அத்தானிடம் சொன்னேன்: சீனி, பால் எடுக்க இனிமேல் பையன் போகட்டும், நீங்கள் கல்லாவில் இருங்கள். வெளியூர் போகிற நாளில் ஸ்பீக்கரே வேண்டாம். அன்றைக்குச் சிம் கார்டு போட்ட அறிவிப்புப் பெட்டிதான் சரி. அது யார் போனையும் நம்பி இல்லை, நேரே செல்போன் நெட்வொர்க் வழியாகத் தகவல் வாங்கிச் சொல்வது, புளூடூத் ஜோடியால் அதைப் பிடுங்க முடியாது. அவர் ஒன்றுக்கு விண்ணப்பம் கொடுத்துவிட்டார்.

எனக்குப் பயமாக இருந்தது வேறொன்று. ஸ்பீக்கரைப் பிடுங்கிய ஒருவர் பாட்டுக்குப் பதிலாக, “ஐந்நூறு ரூபாய் வந்தது” என்று பதிவு செய்த குரலை ஓடவிட்டால்? பையன்கள் காதை நம்பிப் பொருளைக் கொடுத்துவிடுவார்கள். ஸ்பீக்கர் யார் போனுக்கு வாய் கொடுக்கிறது என்பது கேட்கிறவனுக்குத் தெரியாது. அதனால் நூறு ரூபாய்க்கு மேல் போனால் செயலியில் கண்ணால் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்தோம்.

கடைசியில் எழுதி ஒட்டியது இது:

```
பையன்களுக்கு

காலையில் அண்ணாச்சி வந்த பிறகுதான் பாக்ஸை ஆன் பண்ணணும்.
அதுக்கு முன்னால ஆன் பண்ணினா யார் போனும் சேரும்.
நீல விளக்கு அசையாம எரிஞ்சா சரி. வேகமா மினுக்கினா உடனே ஆஃப் பண்ணு.
அண்ணாச்சி கல்லாவை விட்டு நகர்ந்தா பாக்ஸ் ஆஃப்.
எந்தப் போனையும் புதுசா சேர்க்காத. உன் போனையும்தான்.
பாட்டு கேட்டா: "பாட்டு பேர் சொல்லுங்கண்ணே, நாங்களே போடுறோம்."
நூறு ரூபாய்க்கு மேலன்னா சத்தத்தை நம்பாத. அண்ணாச்சி போன்ல பாரு.
சத்தம் வரலைன்னா "பணம் வரலை"ன்னு சொல்லாத.
"ஒரு நிமிஷம் இருங்க, பார்த்துச் சொல்றேன்"னு சொல்லு.
```

கடைசி இரண்டு வரிகள் நான் எழுதியவை அல்ல. அன்று பெரியவரிடம் “வரலை” என்று சொன்ன பையன் நின்று, சேர்க்கச் சொன்னது. அதை விளக்கு கண்ணில் படும் இடத்தில், ஸ்பீக்கருக்கு நேர் கீழே ஒட்டினான். பெரியவர் வந்தால் கொடுப்பதற்கு ஒரு முறுக்குப் பொட்டலத்தைக் கல்லாவுக்குப் பின்னால் எடுத்து வைத்திருக்கிறார்கள். இன்னும் வரவில்லை.