திரைக்குப் பின்னால் நிற்கும் ஒரு லட்சம் பங்குகள்

பங்குச் சந்தையில் ஒரு பெரிய ஆர்டரின் முழு அளவையும் திரையில் காட்டாமல், அதில் ஒரு சிறு பகுதியை மட்டும் காட்டிவைப்பதற்கு ஐஸ்பர்க் ஆர்டர் என்று பெயர். காட்டிய பகுதி விற்றோ வாங்கியோ தீர்ந்ததும் மறைவில் இருப்பதிலிருந்து அடுத்த பகுதி தானாக வெளியே வரும். முழு அளவும் தீரும்வரை இது தொடரும். மும்பையிலுள்ள தேசியப் பங்குச் சந்தை 1994இல் பங்கு வணிகத்தைக் கணினித் திரைக்குக் கொண்டுவந்தது. அங்கே ஆர்டர் போடும் திரையில் இதற்கென்றே ‘டிஸ்க்ளோஸ்டு குவான்டிட்டி’ என்ற கட்டம் இருக்கிறது. எத்தனை பங்குகள் மற்றவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்ற எண்ணை அதில் நிரப்புவார்கள். டீலர்கள் சுருக்கமாக ‘டிக்யூ’ என்பார்கள்.

இந்த மறைப்பு ஏன் தேவைப்படுகிறது என்பது ஆர்டர் புத்தகத்தைப் பார்த்தால் விளங்கும். எந்தப் பங்கை எடுத்தாலும், வாங்குவோர் கேட்கும் சிறந்த ஐந்து விலைகளும் விற்போர் சொல்லும் சிறந்த ஐந்து விலைகளும், ஒவ்வொன்றிலும் எத்தனை பங்குகள் காத்திருக்கின்றன என்பதும் திரையில் தெரியும். ஒரு மியூச்சுவல் ஃபண்டுக்கு, சுமார் 500 ரூபாய் விலையுள்ள ஒரு பங்கில் ஒரு லட்சம் வேண்டும் என்று கொள்வோம். விற்போர் பக்கத்தில் 500.10 ரூபாயில் 2,500 பங்குகள், 500.20இல் 4,000, 500.50இல் 6,000, 501இல் 9,000, 502இல் 12,000 நிற்கின்றன. எல்லாம் சேர்த்தால் 33,500. ஃபண்டின் டீலர் ‘கிடைக்கிற விலைக்கு வாங்கு’ என்று ஒரு லட்சத்துக்கும் மார்க்கெட் ஆர்டர் போட்டால் இந்த ஐந்து படிகளும் நொடியில் காலியாகும். அந்த 33,500 பங்குகளுக்கே சராசரி விலை ஏறக்குறைய 501.11 ரூபாய் ஆகிவிடும். மிச்சம் 66,500 பங்குகளை அதற்கும் மேலான விலைகளில் தேட வேண்டும். ஒரு லட்சம் பங்கில் ஒரு ரூபாய் கூடினால் ஒரு லட்ச ரூபாய் கூடுதல் செலவு. அது ஃபண்டில் பணம் போட்டிருக்கும் சாதாரண முதலீட்டாளர்களின் பணம்.

அப்படியானால் பொறுமையாக 499.90 ரூபாயில் ஒரு லட்சத்துக்கும் லிமிட் ஆர்டர் போட்டுக் காத்திருக்கலாமே என்று தோன்றும். அதுவும் வெளிப்படையாக நின்றால் சிக்கல்தான். இரண்டாயிரம், மூவாயிரம் என்று நிற்கும் வரிசையில் ஒரு லட்சம் தெரிந்தவுடன் பெரிய கை ஒன்று வாங்க வந்திருக்கிறது என்று எல்லோருக்கும் புரிந்துவிடும். 500.10இல் விற்க நின்றவர் தன் ஆர்டரைத் திரும்ப எடுத்து விலையை உயர்த்திப் போடுவார். இன்னொருவர் ஐந்து பைசா கூட்டி, 499.95இல் வாங்க முந்திக்கொள்வார். இந்த முந்தல் சந்தைக்கு வெளியே அதிகம் பேசப்படாத ஒன்று. மறைப்புக்கான முதன்மைக் காரணமே இதுதான் என்று சொல்லலாம். விலை ஏறினால் முந்தியவருக்கு லாபம். இறங்குவதுபோல் தெரிந்தால் வாங்கியதை 499.90இல் நிற்கும் ஃபண்டிடமே தள்ளிவிடலாம். நஷ்டம் பங்குக்கு ஐந்து பைசாவோடு நின்றுவிடும். பெரிய ஆர்டரை வெளியே காட்டியவர், தன்னை முந்துபவருக்கே இலவசக் காப்பீடு எழுதிக் கொடுத்தவர் ஆகிறார்.

மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்கடியில் விரல் பிடித்துப் பேசுவது விலையை மறைக்க. ஐஸ்பர்க் ஆர்டரில் விலை எல்லோருக்கும் தெரியும், அளவு மட்டுமே மறைகிறது. அந்த அளவையும் விருப்பம்போல் மறைத்துவிட முடியாது. தேசியப் பங்குச் சந்தையில் பங்குகளுக்கான ஆர்டரில் மொத்த அளவின் 10 சதவீதத்தையாவது காட்டியாக வேண்டும். ஒரு லட்சத்துக்கு ஒரே ஆர்டர் போட்டால் 10,000 பங்குகள் வெளியே தெரியும். நம் எடுத்துக்காட்டில் அதுவே கண்ணை உறுத்தும் எண். ஆகவே அனுபவமுள்ள டீலர் ஒரு லட்சத்தை முதலில் இருபதாயிரம், இருபதாயிரமாக ஐந்தாகப் பிரிப்பார். ஒவ்வொன்றிலும் 2,000 மட்டும் தெரியும்படி வைத்து, ஒன்றன்பின் ஒன்றாக நேரம் விட்டு இறக்குவார்.

முதல் இருபதாயிரம் 499.90இல் வந்து நிற்கிறது. அதே விலையில் ஏற்கெனவே மற்றவர்களின் 3,000 பங்குகள் காத்திருப்பதால், திரையில் மொத்தம் 5,000 தெரிகிறது. சற்று நேரத்தில் வேறு சிலர் 1,500 பங்குகளுக்கு அதே விலையில் பின்னால் வந்து சேர்கிறார்கள். இப்போது ஒருவர் 5,000 பங்குகளை 499.90இல் விற்கிறார். ஒரே விலையில் முதலில் வந்தவருக்கு முதலில் என்பது விதி. அதனால் முன்னே நின்ற 3,000 தீர்ந்து, ஃபண்டின் 2,000 தீர்கிறது. உடனே மறைவிலிருந்து அடுத்த 2,000 வெளியே வருகிறது. அதற்குப் புதிய நேர முத்திரை விழுவதால், பின்னால் வந்த அந்த 1,500 பங்குகள் இப்போது அதற்கு முன்னே போய்விடுகின்றன. மறைந்து நிற்பதற்குச் சந்தை வாங்கும் விலை இதுதான். காட்டாத அளவுக்கு வரிசையில் இடமில்லை. வெளியே வரும் ஒவ்வொரு முறையும் கடைசியில் போய் நிற்க வேண்டும். வெளிப்படையாக நிற்பவருக்கு முன்னுரிமை தரும் இந்த விதி நியாயமானது. தன் தேவையை எல்லோர் முன்னும் சொல்லத் துணிந்தவருக்கு அதற்குரிய பலன் கிடைக்க வேண்டும்.

அடுத்து, 12,000 பங்குகளை 499.90இல் விற்க ஒருவர் வருகிறார். திரையில் அவருக்குத் தெரிவது 3,500 மட்டுமே. முதலில் அந்த 1,500 தீர்கிறது. பிறகு ஃபண்டின் 2,000, மறுபடி 2,000 என்று வெளிவந்தபடியே ஐந்து முறை தீர்ந்து, ஆறாவது பகுதியில் 500 போய், அவருடைய 12,000 பங்குகளும் அதே விலையில் விற்றுவிடுகின்றன. ஆர்டரில் மிச்சம் 7,500. அதில் 1,500 திரையில் தெரிகிறது, 6,000 மறைவில் இருக்கிறது. விற்றவருக்கும் இதில் நட்டமில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மறைந்த அளவு இல்லாதிருந்தால் 3,500க்குப் பிறகு மிச்சப் பங்குகளை அவர் இன்னும் குறைந்த விலைக்குத் தள்ளியிருக்க வேண்டும்.

புரோக்கர் நிறுவனங்கள் தங்கள் செயலிகளில் தரும் ஐஸ்பர்க் வசதியும் பெயரளவில் இதே போன்றது. ஆனால் அது இயங்கும் விதம் வேறு. அங்கே பெரிய ஆர்டர் பல துண்டுகளாகப் பிரிக்கப்பட்டு, முதல் துண்டு மட்டும் சந்தைக்குப் போகிறது. மற்றவை புரோக்கரின் கணினியில் காத்திருக்கின்றன. ஒரு துண்டு நிறைவேறிய செய்தி திரும்பி வந்த பிறகே அடுத்தது கிளம்பும். அந்தச் சிறு இடைவெளியில், 12,000 பங்குகளுடன் வந்தவரின் ஆர்டர் 499.90இல் தெரிந்ததை எடுத்துக்கொண்டு அடுத்த விலைக்கு இறங்கிப் போயிருக்கும். சந்தையின் கணினிக்குள்ளேயே மறைந்திருக்கும் அளவுக்கும், வெளியே காத்திருக்கும் அளவுக்கும் உள்ள முக்கிய வேறுபாடு இது.

மறைந்திருப்பதைக் கண்டுபிடிக்கவே முடியாது என்று நினைத்துவிடக் கூடாது. 3,500 மட்டும் தெரிந்த விலையில் 12,000 பங்குகள் கைமாறி, விலை இறங்காமல் நின்றால், அங்கே ஒரு பெரிய ஆர்டர் இருக்கிறது என்பது தெளிவு. தீர்ந்த மறுகணமே அதே 2,000 மீண்டும் மீண்டும் முளைப்பது இன்னொரு அடையாளம். வேகமான கணினி வணிகர்கள் இந்த ஒழுங்கைத் தேடியே நிரல்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். சிறு அளவில் விற்றுப் பார்த்து, உடனே அளவு நிரம்புகிறதா என்று சோதிப்பதும் உண்டு. இதனால்தான் ஐரோப்பாவின் சில சந்தைகள், வெளியே தெரியும் அளவு ஒவ்வொரு முறையும் ஒரு வரம்புக்குள் மாறிவரும் வசதியைத் தருகின்றன. அந்த வசதி இல்லாத இடத்தில் டீலர் தானே அளவை மாற்றி மாற்றிப் போடுவார்; சில சமயம் ஆர்டரை எடுத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா இருப்பார்.

மறைப்பால் தீராத இடர்கள் இரண்டு. விலை மேலே போய்விட்டால் 499.90இல் நிற்கும் ஆர்டருக்குப் பங்கு வராது. வாங்கியாக வேண்டிய ஃபண்டு பிறகு கூடுதல் விலை கொடுத்துத் துரத்த வேண்டும். இரண்டாவது இதற்கு நேரெதிரானது. நிறுவனத்தைப் பற்றிக் கெட்ட செய்தி வந்தால் விற்பவர்கள் குவிவார்கள். மணிக்கணக்கில் நிறையாமல் கிடந்த ஆர்டர், மறைவிலிருந்த முழு அளவும் வெளிவந்து, ஒரு நொடியில் நிறைந்துவிடும். டீலர் சுதாரிப்பதற்குள் பங்கு கையில் இருக்கும், விலையோ 490க்குப் போயிருக்கும். முழுதாக மறைத்துவிட்டோம் என்ற நிம்மதியில் திரையை விட்டுக் கண்ணெடுக்கும் டீலர்தான் இதில் மாட்டுகிறார்.

பாரிஸ் யூரோநெக்ஸ்ட் சந்தையின் ஆர்டர்களை ஆராய்ந்து பெஸம்பைண்டர், பனயிடிஸ், வெங்கட்ராமன் ஆகிய மூவரும் 2009இல் வெளியிட்ட கட்டுரை இந்தக் கொடுக்கல் வாங்கலை எண்களில் காட்டியது. அவர்கள் எடுத்துக்கொண்ட பங்குகளில் ஆர்டர் அளவில் சுமார் 44 சதவீதம் திரைக்குத் தெரியாமல் இருந்தது. மறைத்துப் போட்ட ஆர்டர்கள் முழுதாக நிறைவேறும் வாய்ப்பு குறைவாகவும், நிறைவேற ஆகும் நேரம் அதிகமாகவும் இருந்தன. ஆனால் மொத்த வணிகச் செலவு குறைந்தது.

இதை மோசடியாக எண்ண வேண்டியதில்லை. வாங்கும் எண்ணமே இல்லாமல் பெரிய ஆர்டரைக் காட்டி விலையை நகர்த்திவிட்டு ரத்து செய்வது தண்டனைக்குரியது. ஐஸ்பர்க் ஆர்டரில் காட்டியதும் மறைத்ததும் உண்மையான ஆர்டர்கள், எந்த நொடியிலும் எவரும் அதில் விற்கலாம். அதே சமயம், அது திரையைப் பார்ப்பவரிடமிருந்து மட்டுமே மறைக்கிறது. ஃபண்டு என்ன வாங்கப் போகிறது என்பதை முன்கூட்டியே அறிந்த உள்ளாள் ஒருவர் அந்தத் தகவலை வெளியே விற்றால் எந்த டிக்யூவும் காப்பாற்றாது. அந்தக் குற்றத்தைப் பிடிப்பது செபியின் கண்காணிப்பு வேலை.

மறைவுக்குக் காலவரம்பும் உண்டு. ஒரு நிறுவனத்தின் பட்டியலிடப்பட்ட பங்குகளில் 0.5 சதவீதத்துக்கு மேல் ஒரே நாளில் ஒருவர் வாங்கினாலோ விற்றாலோ, அவர் பெயரும் அளவும் சராசரி விலையும் அன்று மாலையே பங்குச் சந்தையின் இணையதளத்தில் ‘பல்க் டீல்’ பட்டியலில் வெளியாகும். அதை யார் வேண்டுமானாலும் கட்டணமின்றிப் பார்க்கலாம்.