கொள்ளு தீர்த்துவைக்கும் குழப்பம்

ரத்த வங்கியில் ஒருவரின் ரத்த வகையை இரண்டு பக்கமிருந்து பார்ப்பார்கள். முதலில் சிவப்பணுக்கள். ஒரு குழாயில் நீல நிற ஆன்ட்டி-ஏ, இன்னொன்றில் மஞ்சள் நிற ஆன்ட்டி-பி. எதில் அணுக்கள் திட்டுத்திட்டாகத் திரள்கின்றனவோ, அந்த அடையாளம் அணுவின் மேல் இருக்கிறது. இது ஃபார்வர்டு குரூப்பிங்.

அடுத்தது அதே ரத்தத்தின் சீரம். தன்னிடம் இல்லாத அடையாளத்துக்கு எதிரான ஆன்ட்டிபாடி நம் சீரத்தில் தானாகவே உண்டாகிவிடும். அதனால் ஏ வகைக்காரரின் சீரம், பி அணுக்களைத் திரட்டும். ஏ அணுக்களைத் தொடாது. வகை தெரிந்த அணுக்களோடு சீரத்தைச் சேர்த்துப் பார்ப்பதே ரிவர்ஸ் குரூப்பிங். பச்சைக் குழந்தைக்கு இந்த ஆன்ட்டிபாடி இன்னும் உருவாகியிருக்காது என்பதால் அணுக்களை மட்டுமே நம்பவேண்டும்.

இரண்டு விடைகளும் ஒத்துப்போகாவிட்டால்? அறுவை சிகிச்சைக்கு வந்த ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். அவர் அணுக்கள் ஆன்ட்டி-பி-யில் கெட்டியாகத் திரள்கின்றன, ஆன்ட்டி-ஏ-யிலும் திரள்கின்றன. அப்படியென்றால் ஏபி. ஏபி சீரம் எதையும் திரட்டக் கூடாது. ஆனால் இவர் சீரம் ஏ அணுக்களை லேசாகத் திரட்டுகிறது. பி, ஓ அணுக்களை விட்டுவிடுகிறது.

முதல் வேலை, குழாயின் லேபிளைச் சரிபார்த்து, புதிதாக ரத்தம் எடுத்து மறுபடி செய்வது. தவறுகளில் பெரும்பகுதி பெயர் மாறியதால் வருபவை. அதே முடிவு வந்தால் கொள்ளு உதவிக்கு வருகிறது. நாம் ரசம் வைக்கும் அதே கொள்ளின் விதைச் சாறு, ஏ வகைக்குள் ஏ1 என்ற பெரும்பான்மை அணுக்களை மட்டுமே திரட்டும், ஏ2-வைத் திரட்டாது. இவர் அணுக்கள் திரளவில்லை. ஆக இவர் ஏ2பி. இனி சீரத்தை ஏ1, ஏ2 அணுக்களோடு தனித்தனியே சேர்த்தால் ஏ1 மட்டும் திரள்கிறது. சீரத்தில் இருப்பது ஆன்ட்டி-ஏ1. பெரும்பாலும் இது குளிரில்தான் வேலை செய்யும். 37 டிகிரியிலும் திரட்டினால் மட்டும் ஏ1 அணு உள்ள ரத்தத்தை விலக்குவார்கள். முடிவு தெரியும்வரை, அவசரமென்றால் ஓ வகைச் சிவப்பணுக்கள்தான்.

பாசிட்டிவ், நெகட்டிவ் சொல்வது ஆர்எச் சோதனை. ஆன்ட்டி-டி-யில் அணு திரண்டால் பாசிட்டிவ். இங்கே ரிவர்ஸ் கிடையாது. டி இல்லாதவருக்கு எதிர் ஆன்ட்டிபாடி தானாக வராது, பாசிட்டிவ் ரத்தம் ஏறினாலோ பாசிட்டிவ் குழந்தையைச் சுமந்தாலோதான் வரும். சரிபார்க்க எதிர்ப்பக்கமே இல்லாததால், நெகட்டிவ் என வந்த தானக்காரரின் அணுக்களை ஆன்ட்டி-டி-யுடன் 37 டிகிரியில் வைத்து, கழுவி, கூம்ஸ் சீரம் சேர்த்து மறுபடி பார்ப்பார்கள். அப்போது திரண்டால் அது வீக் டி. தானத்துக்கு அது பாசிட்டிவ்.

எனக்கு அதிகக் கவலை தருவது வேறொன்று. ஏ2பி-யின் ஏ அடையாளம் சிலரிடம் மிக மெலிந்திருக்கும். அந்த மெல்லிய திரளைக் கவனிக்காமல் விட்டால் ஃபார்வர்டில் பி. சீரம் ஏ அணுக்களைத் திரட்டுவதால் ரிவர்ஸிலும் பி. இரண்டும் ஒத்துப்போய்விடும். அவர் பி என்று ரத்தம் கொடுத்தால், அதை வாங்கும் பி நோயாளியின் ஆன்ட்டி-ஏ அந்த அணுக்களைத் தாக்கும்.