‘ஏற்பட்டிருந்தால்’ என்ற சொல்லை முதலில் அடியுங்கள்

கொடைக்கானலில் இருபது அறைகள் உள்ள ஒரு விடுதி என்று வைத்துக்கொள்வோம். மே மாதம். மதுரையிலிருந்து வந்த குடும்பம் இரண்டு இரவு தங்கிவிட்டு ஊர் திரும்பி, மறுநாள் ஒரு கடிதம் அனுப்புகிறது. இரண்டாம் நாள் காலை ஆறரை மணிக்குக் குழாயில் வெந்நீர் வரவில்லை. வரவேற்பறைக்கு மூன்று முறை போன் செய்தார்கள். எட்டே பத்துக்குத்தான் ஒரு வாளி வெந்நீர் வந்தது. அதற்குள் எழுபது வயது அம்மா பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டார். அறையைக் காலி செய்யும்போது இதைச் சொன்னதற்கு, “சீசன்ல எல்லா இடத்துலயும் இப்படித்தான் சார்” என்று பதில் வந்தது.

இதற்கு விடுதியின் உதவி மேலாளர் எழுதி, அனுப்புவதற்கு முன் மேலாளரின் பார்வைக்கு வைத்த பதில் இது:

“எங்கள் விடுதியைத் தேர்ந்தெடுத்தமைக்கு நன்றி. தங்களுக்கு ஏதேனும் அசௌகரியம் ஏற்பட்டிருந்தால் வருந்துகிறோம். பொதுவாக எங்கள் விடுதியில் 24 மணி நேரமும் வெந்நீர் வசதி உண்டு. அன்று மின்தடை காரணமாக கீசர் இயங்கவில்லை. இது எங்கள் கட்டுப்பாட்டில் இல்லாதது. எனினும் எங்கள் ஊழியர் உடனடியாக வெந்நீர் வழங்கினார். மற்ற விருந்தினர்கள் யாரும் புகார் தெரிவிக்கவில்லை. அடுத்த முறை தாங்கள் வரும்போது சிறப்புத் தள்ளுபடி வழங்க முயற்சி செய்வோம்.”

மரியாதைக்குக் குறைவில்லை, பிழையும் இல்லை. ஆனால் மதுரையில் இதைப் படிப்பவருக்கு முன்னைவிட இரண்டு மடங்கு கோபம் வரும். ஏன் என்பதைப் பென்சிலோடு உட்கார்ந்து பார்க்கலாம்.

முதல் வாசிப்பு தற்காப்புக்காக. நம் மொழியில் தற்காப்பு பெரும்பாலும் சின்னச் சின்ன ஒட்டுகளில் ஒளிந்திருக்கும். ‘ஏற்பட்டிருந்தால்’ என்பதில் உள்ள ‘ஆல்’ அப்படி ஒன்று. நடந்ததா இல்லையா என்பதே எங்களுக்குச் சந்தேகம் என்கிறது அது. ‘ஏற்பட்டது’ என்ற வினைக்கு ஆளும் கிடையாது. மழை பெய்தது போல அதுவாக நடந்துவிட்டது. ‘பொதுவாக’ வந்தால், உங்களுக்கு மட்டும்தான் இப்படி என்று பொருள். ‘எனினும்’ வந்த இடத்தில் மன்னிப்பு முடிந்து வாதம் தொடங்குகிறது. ‘உடனடியாக’ என்பது அப்பட்டமான பொய். நூறு நிமிடம் காத்திருந்தவரிடம் அதைச் சொல்வதற்குச் சும்மா இருந்திருக்கலாம். ‘மற்றவர்கள் யாரும்’ என்ற வரி, நீங்கள்தான் சண்டைக்காரர் என்று நாசூக்காகச் சொல்கிறது.

மின்தடை என்ற காரணம் உண்மைதானே, அதைச் சொல்லக் கூடாதா என்று உதவி மேலாளர் கேட்பார். நியாயமான கேள்வி. இங்கேதான் மேலாளர் காகிதத்தை வைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும். அறைக்கு ஒரு கீசர், ஒவ்வொன்றும் 2 கிலோவாட். இருபது அறையும் காலையில் ஒன்றாகப் போட்டால் 40 கிலோவாட். விடுதியில் இருப்பதோ 25 கேவிஏ ஜெனரேட்டர். ஏறக்குறைய 20 கிலோவாட்தான் தாங்கும். அதனால் கீசர் லைனை ஜெனரேட்டரில் சேர்க்கவே இல்லை. மலையூர் விடுதிகளில் இது அதிசயமல்ல. ஆக, மின்சாரம் போனது மின்வாரியத்தால். மின்சாரம் போனால் வெந்நீர் இருக்காது என்பது விடுதி எடுத்த முடிவு. அந்த முடிவை விருந்தினரிடம் முன்பே சொல்லவில்லை. ‘24 மணி நேரமும்’ என்று எழுதியும் வைத்திருந்தது. காரணம் சொல்லலாம், ஆனால் குற்றத்தை ஒப்புக்கொண்ட பிறகு, விருந்தினருக்குத் தெரியாத உண்மையாக அது இருக்க வேண்டும்.

இரண்டாவது வாசிப்புக்கு விருந்தினரின் கடிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவர் சொன்ன சங்கதிகளுக்குக் கீழே கோடு போட வேண்டும்: ஆறரை மணி, மூன்று அழைப்பு, எட்டே பத்து, அம்மாவின் குளியல், கவுன்டரில் கேட்ட சொல். ஐந்தில் எத்தனை பதிலில் இருக்கின்றன? வெந்நீர் வந்ததாக ஒன்று, அதுவும் தப்பாக. ‘வெந்நீர்’, ‘கீசர்’ இரண்டையும் எடுத்துவிட்டால், கரப்பான்பூச்சி பற்றிப் புகார் சொன்னவருக்கும் இதே கடிதத்தை அனுப்பிவிடலாம். கவனியுங்கள், கடிதத்தின் கடைசி வரியில் இருந்தது கவுன்டர் பேச்சு. தண்ணீருக்காக மட்டும் அவர் எழுதியிருக்க மாட்டார். அந்தப் பேச்சுதான் ஊருக்குப் போன பிறகும் உறுத்தி எழுத வைத்தது. வரைவில் அதைப் பற்றி மூச்சே இல்லை.

ஆனால் சொன்னதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு ஒப்புக்கொள்வதும் சரியல்ல. டூட்டி பதிவேட்டைப் புரட்ட வேண்டும். அதில் 6.40, 7.05 என இரண்டு அழைப்புகள்தான் இருக்கின்றன என்றால், அதையே எழுதலாம். மூன்றாவதை நாங்கள் குறிக்கவில்லை என்றும் சேர்க்கலாம். அவர் பொய் சொல்கிறார் என்ற தொனி மட்டும் வரக் கூடாது. இன்னொரு பொறி, ‘சம்பந்தப்பட்ட ஊழியர் மீது நடவடிக்கை எடுக்கப்படும்’ என்ற வரி. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் நிர்வாகம் தன்மேல் வர வேண்டிய பழியைக் கவுன்டர் பையன் தலையில் கட்டுவதும் தற்காப்புதான்.

கடைசியாக, ஈடு. ‘அடுத்த முறை தள்ளுபடி’ என்பது ஈடே அல்ல, வியாபாரம். அதைப் பெற அவர் மறுபடி மலையேறி, மறுபடி பணம் கட்ட வேண்டும். அதையும் ‘முயற்சி செய்வோம்’ என்றால் என்ன மிச்சம்? நல்ல ஈட்டுக்கு ஒரு தொகை, ஒரு தேதி, ஒரு ஆள் இருக்க வேண்டும். விருந்தினர் கை அசைக்காமலே அது அவரிடம் போய்ச் சேர வேண்டும். இந்த அறைக்கு ஓர் இரவு வாடகை 4,200 ரூபாய், 5 சதவீத வரியோடு 4,410. பாதிக்கப்பட்டது இரண்டாம் நாளின் காலை. அந்த இரவின் பாதி, அதாவது 2,205 ரூபாய் என்பது என் கணக்கு. இரண்டு இரவையும் திருப்பித் தந்தால் பயந்துபோய்க் கொடுத்ததுபோல் இருக்கும். 300 ரூபாய் கொடுத்தால் அவமானம். புகாரைத் திரும்பப் பெற்றால் தருகிறோம் என்று முடிச்சுப் போட்டால் அது லஞ்சம்.

பதில் எழுதுபவருக்கே இதைக் கொடுக்கும் அதிகாரம் இருக்க வேண்டும். ரிட்ஸ் கார்ல்டன் ஹோட்டல்கள் இதற்குப் பேர்போனவை. அங்கே ஊழியர்கள் மேலதிகாரியைக் கேட்காமலே ஒரு விருந்தினருக்காக 2,000 டாலர் வரை செலவிடலாம். நம் உதவி மேலாளருக்கு 500 ரூபாய்க்கும் முதலாளியிடம் போக வேண்டியிருந்தால், ‘முயற்சி செய்வோம்’ என்பதைத் தவிர அவர் வேறென்ன எழுதுவார்?

திருத்திய பதில் இப்படி வந்தது:

“காலை ஆறரைக்கு உங்கள் அறையில் வெந்நீர் வரவில்லை. எங்கள் பதிவேட்டில் உங்கள் இரண்டு அழைப்புகள் இருக்கின்றன. மூன்றாவதை நாங்கள் குறித்துவைக்கத் தவறியிருக்கிறோம். வாளி வெந்நீர் வர எட்டே பத்து ஆனது. அந்தக் குளிரில் உங்கள் அம்மா பச்சைத் தண்ணீரில் குளிக்க வைத்துவிட்டோம். மன்னியுங்கள். நீங்கள் கிளம்பும்போது கவுன்டரில் கேட்க வேண்டியதும் மன்னிப்புதான். எங்களிடமிருந்து வேறு பேச்சு வந்தது. அன்று மின்சாரம் போயிருந்தது. எங்கள் ஜெனரேட்டரில் கீசர் இணைப்பு இல்லை. அதை அறை கொடுக்கும்போதே சொல்லியிருக்க வேண்டும், இன்றிலிருந்து சொல்கிறோம். இரண்டாம் இரவின் பாதி வாடகை 2,205 ரூபாயை, நீங்கள் பணம் கட்டிய கணக்குக்கே வெள்ளிக்கிழமைக்குள் நான் அனுப்பிவிடுகிறேன். அம்மா நலமா? இது என் நேரடி எண்.”

அந்தக் குடும்பம் ஏதாவது இணையதளம் வழியாக முன்பதிவு செய்திருந்தால், ‘பணம் கட்டிய கணக்குக்கே’ என்ற சொற்கள் நிற்காது; பணம் அந்தத் தளத்துக்குப் போயிருக்கும், திருப்புவதற்கு வாரங்கள் ஆகலாம். அப்போது போன் செய்து அவருடைய கணக்கு விவரத்தைக் கேட்டு வாங்கி நேராக அனுப்பிவிட்டு, பிறகே கடிதத்தை அனுப்ப வேண்டும். கீசரை ஜெனரேட்டரில் இணைக்கப்போகிறோம் என்ற வாக்குறுதி இதில் இல்லை என்பதையும் பார்த்திருப்பீர்கள். உதவி மேலாளர் அதை ஆசையாகத்தான் சேர்த்தார். எலக்ட்ரீஷியன் இன்னும் விலைப்பட்டியலே தரவில்லை என்பதால் மேலாளர் அடித்துவிட்டார்.