ரெஸ்யூமேயில் காணாமல்போன பதின்மூன்று மாதங்கள்

புதிதாகப் பட்டம் வாங்கியவர்களின் ரெஸ்யூமே கைக்கு வந்தால் எழுத்துப்பிழையை நான் கடைசியில்தான் பார்ப்பேன். முதலில் ஒரு தாளில் மாதங்களை வரிசையாக எழுதி, எந்த மாதம் எங்கே இருந்தார் என்று நிரப்பிப் பார்ப்பது வழக்கம். நிரம்பாத மாதங்கள் உடனே கண்ணில் படும்.

மாதிரிக்கு ஒரு ரெஸ்யூமேயை எடுத்துக்கொள்வோம். பலருடையதைக் கலந்து செய்தது. பி.இ. மெக்கானிக்கல், 2019–2023. அடுத்த வரியில், வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் பட்டதாரி அப்ரண்டிஸ், 2024–2025. ஆண்டை மட்டும் பார்த்தால் இடைவெளியே தெரியாது. மாதத்தைக் கேட்டால் கடைசி செமஸ்டர் தேர்வு மே 2023, அப்ரண்டிஸாகச் சேர்ந்தது ஜூலை 2024 என்கிறான். நடுவில் பதின்மூன்று மாதம் இருக்கிறது.

அதற்குப் பிறகு வருவோம். முதலில் அப்ரண்டிஸ் பகுதி. "சிஎன்சி பிரிவில் தரச் சோதனைக்கு உதவினேன். தினசரி ரிப்போர்ட் தயாரித்தேன். மேற்பார்வையாளரின் கீழ் பணிபுரிந்தேன்." மூன்றும் உண்மைதான். ஆனால் அந்த வருடம் அவனோடு சேர்ந்த அத்தனை பேரும் இதே மூன்று வரியை எழுதலாம். இதைப் படிப்பவருக்கு வேலை என்னவென்று தெரிகிறது, ஆளைத் தெரியவில்லை. இப்படிப்பட்ட வரிகளுக்கு அடியில் பெரும்பாலும் ஏதோ ஒன்று புதைந்திருக்கும். கேட்டால்தான் வெளியே வரும்.

"என்ன ரிப்போர்ட் தம்பி அது?"

"ரிஜெக்ட் ஆன பீஸை எழுதி வைப்போம் சார்."

"எழுதி வச்சு என்ன பண்ணுனீங்க?"

"டூல்ல இன்சர்ட் மாத்தின உடனே வர்ற பீஸ்தான் நிறைய அவுட் ஆகுதுன்னு தெரிஞ்சுது. சூப்பர்வைசர்கிட்ட சொன்னேன். அப்புறம் முதல் பீஸை அளந்து பாத்துட்டுத்தான் ஓட்டுனாங்க."

இன்சர்ட் என்பது உலோகத்தை வெட்டும் சிறிய முனை. தேய்ந்ததை எடுத்துப் புதியதைப் பொருத்தும்போது முனையின் இடம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு விலகலாம். அதற்கேற்ப மெஷினில் திருத்தம் கொடுக்காவிட்டால் துளை பெரிதாகிவிடும். முதல் பீஸை அளப்பது எல்லோருக்கும் தெரிந்த முறைதான், அவசரத்தில் விட்டுப்போகும். பையன் கண்டுபிடித்தது அந்த விடுபடலை. அதைத்தான் எழுத வேண்டும்:

"புஷ் துளையின் அளவுத் தவறுகளை மூன்று மாதம் ஷிப்ட் வாரியாகப் பதிவு செய்தேன். இன்சர்ட் மாற்றிய உடனே அவை அதிகமாவதைக் காட்டினேன். முதல் பீஸை அளப்பது மீண்டும் கட்டாயமானதும், ஆயிரத்துக்கு 18 ஆக இருந்த ரிஜெக்‌ஷன் 7 ஆனது."

'நான் குறைத்தேன்' என்று இதில் இல்லை என்பதைக் கவனியுங்கள். கண்டது அவன், உத்தரவு போட்டது சூப்பர்வைசர். '61 சதவீதம் குறைத்தேன்' என்று எழுதினால் கம்பீரமாகத் தெரியும். எவ்வளவிலிருந்து, எத்தனை பீஸில் என்று இன்டர்வியூவில் கேட்டதும் கம்பீரம் போய்விடும். எண்ணிக்கை சரியாக நினைவில்லையா? ஊகித்து எழுத வேண்டாம். ஒரு ஷிப்டில் எத்தனை பீஸ் அளந்தான், எந்தக் கருவியால் அளந்தான், ரிப்போர்ட்டை யார் பார்த்தார் என்பதே போதும். கம்பெனியின் ரிஜெக்‌ஷன் கணக்கை வெளியில் சொல்லலாமா என்று சூப்பர்வைசரைக் கேட்டுக்கொள்வதும் நல்லது. கூடாதென்றால் 'முன்பிருந்ததில் பாதிக்கும் கீழே' என்று எழுதலாம்.

இனி அந்தப் பதின்மூன்று மாதம். தயங்கித் தயங்கிச் சொல்கிறான்: கடைசி செமஸ்டரில் ஒரு அரியர், அதை நவம்பர்–டிசம்பர் தேர்வில் முடித்திருக்கிறான். பிறகு 2024 ஜூன் 9-ஆம் தேதி நடந்த டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வுக்குப் படித்திருக்கிறான். இரண்டிலும் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அரியரை மறைப்பது ஆபத்து. அவன் எந்தத் தேர்வில் தேறினான் என்பது சான்றிதழில் இருக்கும், சரிபார்ப்பவர் பார்ப்பது அதைத்தான். அரசு வேலை கிடைத்தால் போய்விடுவான் என்று நினைப்பார்களே என்ற பயம் நியாயமானது. அதற்காக வரியை விட்டுவிட்டால், படிப்பவர் இதைவிட மோசமாக எதையாவது நினைத்துக்கொள்வார். "ஜூன் 2023 – ஜூன் 2024: மீதமிருந்த ஒரு பாடத்தை முடித்தேன், குரூப் 4 தேர்வுக்குப் படித்தேன்" என்ற ஒரு வரி போதும். இன்னும் படிக்கிறாயா என்று நேரில் கேட்பார்கள், அதற்கு உண்மையான பதிலைத் தயாராக வைத்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை படித்த ஆன்லைன் கோர்ஸை வருடக் கணக்கில் நீட்டுவதும், சித்தப்பாவின் லேத் பட்டறையில் அனுபவக் கடிதம் வாங்கி ஒட்டுவதும் ஒரு போன் காலில் வெளிப்பட்டுவிடும். உண்மையிலேயே பட்டறையில் நின்றிருந்தால் அது வேறு விஷயம், செய்த வேலையோடு தாராளமாக எழுதலாம். வீட்டில் யாருக்காவது உடல்நிலை சரியில்லை என்றால் 'குடும்பப் பொறுப்பு' என்று மாதங்களைப் போட்டால் போதும், நோயின் பெயர் தேவையில்லை. தேர்வு முடிந்து இரண்டு மூன்று மாதம் வேலை தேடியதை இடைவெளியாக யாரும் எண்ணுவதில்லை, அதை விளக்க உட்கார வேண்டாம்.

இதையெல்லாம் எழுத ஒரு பக்கத்தில் இடமில்லை என்றான். மேலே இருக்கும் 'குறிக்கோள்' பத்தியை எடுத்தால் நான்கு வரி கிடைக்கும். அப்பா பெயர், மதம், கீழே இருக்கும் உறுதிமொழி எல்லாம் போனால் இன்னும் ஐந்து.