கம்பியா, பிளேட்டா?

கையை ஊன்றி விழுகிறவர்களுக்குப் பெரும்பாலும் முறிவது மணிக்கட்டை ஒட்டிய ஆரை எலும்புதான். முறிந்த துண்டு விலகிப்போயிருந்தால் அதை இடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்த இரண்டு வழி உண்டு. மெல்லிய எஃகுக் கம்பிகளைத் தோல் வழியே எலும்புக்குள் செலுத்தி மாவுக்கட்டுப் போடலாம். சில வாரங்களில் கம்பியை உருவிவிடுவார்கள். அல்லது உள்ளங்கைப் பக்கம் கீறி, பிளேட் வைத்துத் திருகாணிகளால் முடுக்கலாம். பிளேட்டுக்குச் செலவும் நேரமும் அதிகம். ஆனாலும் இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து பிளேட் பக்கமே காற்று வீசியது.

அந்தக் காற்றுக்கு ஆதாரம் இருக்கிறதா என்று பிரிட்டனில் 18 மருத்துவமனைகளில் 461 பேரை வைத்துச் சோதித்தார்கள். ‘டிராஃப்ட்’ என்ற அந்த ஆய்வு 2014-இல் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ இதழில் வெளியானது. முடிவு: ஓராண்டு கழித்து இரண்டுக்கும் பொருட்படுத்தத்தக்க வித்தியாசம் இல்லை. இதை எவ்வளவு நம்பலாம்?

யாருக்கு எது என்று மருத்துவரே முடிவு செய்தால், எலும்பு உறுதியான இளைஞருக்கு ஒன்றும் வயதானவருக்கு வேறொன்றும் போய்ச் சேரும். பிறகு வரும் வித்தியாசம் சிகிச்சையால் வந்ததா, ஆளால் வந்ததா என்று பிரிக்க முடியாது. அதனால்தான் குலுக்கல். குலுக்கினால் மட்டும் போதாது, அடுத்து எது விழும் என்பதும் தெரியக்கூடாது. உறையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு ‘இவர் வேண்டாம், அடுத்தவரைச் சேர்ப்போம்’ என்று நகர்ந்த கதைகள் மருத்துவ ஆய்வுகளில் உண்டு. இங்கே ஒதுக்கீடு மருத்துவமனைக்கு வெளியிலிருந்து வந்தது. 50 வயதுக்கு மேலா கீழா, முறிவு மூட்டுக்குள் போயிருக்கிறதா என்பவற்றையும் பார்த்துச் சமன் செய்தார்கள். 90 சதவீதத்துக்கு மேற்பட்டவர்கள் கடைசிவரை பதில் தந்தார்கள். இந்தப் பக்கம் ஓட்டை குறைவு.

ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது. மாத்திரை ஆய்வில் போலி மாத்திரை கொடுத்து மறைக்கலாம். இங்கே மணிக்கட்டில் உள்ள தழும்பே எந்தச் சிகிச்சை என்று சொல்லிவிடும். எக்ஸ்-ரே பார்ப்பவருக்கும் பிளேட் பளிச்சென்று தெரியும். அளவுகோலோ நோயாளியே நிரப்பும் வினாத்தாள்: சட்டைப் பொத்தான் போட முடிகிறதா, நாற்காலியில் கையூன்றி எழ முடிகிறதா, வலி எவ்வளவு என்றெல்லாம் கேட்டு 100-க்கு மதிப்பெண் போடுவார்கள். மதிப்பெண் ஏற ஏறக் கை மோசம் என்று பொருள். தனக்கு வைத்தது நவீனமானது என்ற நம்பிக்கையே வலியைக் குறைத்துச் சொல்லவைக்கும். ஆனால் அந்தச் சாய்வு யாருக்குச் சாதகம் என்று யோசித்துப் பாருங்கள். பெரும்பாலும் பிளேட்டுக்குத்தான். அப்படியிருந்தும் பிளேட் முந்தவில்லை என்பதால், மறைக்க முடியாத குறை இந்த முடிவை அவ்வளவாக அசைக்கவில்லை என்பது என் கணிப்பு.

இனி எண்ணிக்கை. ‘வித்தியாசம் இல்லை’ என்று சொல்லும் ஆய்வில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். 6 மதிப்பெண் வித்தியாசம் இருந்தால்தான் நோயாளிக்கு அது பொருட்டு என்று ஆய்வாளர்கள் முன்கூட்டியே வரையறுத்தார்கள். அந்த அளவு வித்தியாசம் உண்மையில் இருந்தால் ஐந்தில் நான்கு தடவையாவது கண்ணில் பட, சுமார் 350 பேர் வேண்டும். 3 மதிப்பெண்ணைப் பிடிக்க நினைத்தால் அதைப்போல் நான்கு மடங்கு, 1,400 பேர். 461 பேர் முதல் இலக்குக்குத் தாராளம்.

கடைசியில் கம்பிக் குழுவின் சராசரி 15.3, பிளேட் குழுவினது 13.9. பிற காரணிகளைச் சரிசெய்த பிறகு வித்தியாசம் 1.3. உண்மை வித்தியாசம் இருக்கக்கூடிய எல்லை, பிளேட்டுக்குச் சாதகமாக 4.5 முதல் கம்பிக்குச் சாதகமாக 1.8 வரை. எந்த முனையும் 6-ஐத் தொடவில்லை. இதே ஆய்வை 40 பேரை வைத்துச் செய்திருந்தால் அந்த எல்லை பிளேட் பக்கம் 11, கம்பிப் பக்கம் 9 என்று விரிந்திருக்கும். அப்போதும் ‘வித்தியாசம் இல்லை’ என்றுதான் எழுதியிருப்பார்கள். ஆனால் அது ‘எங்களுக்குத் தெரியவில்லை’ என்பதன் மறுபெயராக இருந்திருக்கும்.

எல்லா மணிக்கட்டுக்கும் இது பொருந்தாது. திறந்து பார்த்துத்தான் மூட்டின் பரப்பைச் சீர்செய்ய முடியும் என்று மருத்துவர் நினைத்தவர்களை ஆய்வில் சேர்க்கவே இல்லை. முதல் அளவீடு மூன்றாம் மாதத்தில்தான். சீக்கிரம் வேலைக்குத் திரும்ப வேண்டியவரின் முதல் ஆறு வாரம் அதில் பதிவாகவில்லை.

ஆகவே மணிக்கட்டு முறிந்து பிளேட் என்று மருத்துவர் சொன்னால், திறக்காமலே எலும்பை இடத்தில் சேர்க்க முடியுமா என்று கேளுங்கள். முடியும் என்றால், கம்பி ஏன் போதாது என்பதையும் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.