மாடிக்கு மட்டும் ஏன் 94?

ஒரு மாடி வீட்டை எடுத்துக்கொள்வோம். 300 மெகாபிட் ஃபைபர் இணைப்பு. ரவுட்டர் கீழே ஹாலில் இருக்கிறது. அதிலிருந்து சுவரோரமாக ஒரு லேன் கேபிள் மாடிக்குப் போய், அங்கே இன்னொரு வைஃபை பெட்டியில் முடிகிறது. கீழே உட்கார்ந்து ஸ்பீடு டெஸ்ட் போட்டால் 290 வருகிறது. மாடியில் எத்தனை முறை போட்டாலும் 90ஐ ஒட்டியே நிற்கிறது. புகார் கொடுத்ததும் ஆள் வந்து பார்த்துவிட்டு, "எங்க லைன் சரியாத்தான் சார் இருக்கு" என்கிறார். வீட்டுக்காரருக்கு அதில் நம்பிக்கை வரவில்லை. ஆனால் அவர் சொன்னது உண்மைதான்.

ஸ்பீடு டெஸ்ட் காட்டும் ஒற்றை எண்ணுக்குள் இரண்டு பாதைகள் இருக்கின்றன. மாடியிலிருக்கும் லேப்டாப்பிலிருந்து ரவுட்டர் வரை ஒரு பாதை, ரவுட்டரிலிருந்து வெளியே எங்கோ இருக்கும் சர்வர் வரை இன்னொரு பாதை. இரண்டில் எது குறுகலோ அதன் அளவுதான் திரையில் வரும். எந்தப் பாதை குறுகல் என்பதை அந்த எண் சொல்லாது.

வீட்டுக்குள் இருக்கும் பாதையைத் தனியாக அளப்பதற்கு ஐபெர்ஃப் என்ற சிறிய இலவச மென்பொருள் இருக்கிறது. இன்று பரவலாகப் புழங்கும் மூன்றாம் பதிப்பை உருவாக்கியவர்கள், அமெரிக்க ஆய்வுக்கூடங்களை இணைக்கும் ஈஎஸ்நெட் வலையமைப்பின் பொறியாளர்கள். அதன் வேலை ஒன்றே ஒன்று. ஒரு கருவி தரவை அனுப்புகிறது, மற்றொன்று வாங்கிக்கொள்கிறது, நொடிக்கு எவ்வளவு போனது என்று எழுதிக் காட்டுகிறது. தரவு வீட்டைத் தாண்டுவதில்லை. ஃபைபர் வயரைக் கழற்றி வைத்துவிட்டுக்கூட இந்தச் சோதனையைச் செய்யலாம்.

கீழே ரவுட்டரில் கேபிளால் இணைந்த ஒரு கம்ப்யூட்டர் வேண்டும். அதில் இதை அடிக்க வேண்டும்:

```
iperf3 -s
```

அது 5201 என்ற போர்ட்டில் காத்திருக்கத் தொடங்கும். அந்தக் கம்ப்யூட்டரின் உள்வீட்டு முகவரி 192.168.1.10 என்று வைத்துக்கொண்டால், மாடியிலிருக்கும் லேப்டாப்பில் அடிக்க வேண்டியது இது:

```
iperf3 -c 192.168.1.10 -R
```

கடைசியில் இருக்கும் `-R` முக்கியமானது. அதை விட்டுவிட்டால் லேப்டாப் அனுப்பும், கீழே இருக்கும் கம்ப்யூட்டர் வாங்கும். அதாவது, அளப்பது அப்லோடு திசையை. படம் பார்க்கும்போது தரவு எதிர்த்திசையில் அல்லவா வருகிறது? `-R` போட்டால்தான் அந்தத் திசை அளக்கப்படும். வைஃபையில் இரண்டு திசைகளும் ஒரே வேகத்தில் இருக்கும் என்று சொல்ல முடியாது. அதனால் ஒருமுறை போட்டும் ஒருமுறை போடாமலும் பார்ப்பது நல்லது.

முதல் சோதனையை லேப்டாப்பைக் கீழே கொண்டுவந்து, ரவுட்டரின் பக்கத்தில் வைத்துச் செய்ய வேண்டும். 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் 480, 530, 510 என்று ஏறி இறங்குகிறது. இணைப்பின் 300ஐ விட இது அதிகம். எனவே கீழே வைஃபை இடைஞ்சலாக இல்லை. இப்போது அதே லேப்டாப்பை மாடிக்கு எடுத்துப் போய், அதே கட்டளையைத் தட்டினால் திரை இப்படிக் காட்டுகிறது:

```
0.00-1.00 sec  11.2 MBytes  94.1 Mbits/sec
1.00-2.00 sec  11.2 MBytes  94.1 Mbits/sec
2.00-3.00 sec  11.2 MBytes  94.1 Mbits/sec
```

இந்த மூன்று வரிகளை நிதானமாகப் பார்க்க வேண்டும். வைஃபை சிக்னல் பலவீனமாக இருந்தால் வேகம் ஆடும். ஒரு நொடி 60, அடுத்த நொடி 110, பிறகு 35. இங்கே ஆட்டமே இல்லை. அதோடு 94 என்பது தற்செயலாக வரும் எண்ணும் இல்லை. 100 மெகாபிட் ஈதர்நெட் கம்பியில் ஒவ்வொரு பொட்டலமும் முகவரி, இடைவெளி எல்லாம் சேர்த்து 1538 பைட் இடத்தை எடுத்துக்கொள்கிறது. அதில் உண்மையான சரக்கு வழக்கமாக 1448 பைட்தான். வகுத்துப் பார்த்தால் நூற்றுக்கு 94. இதே கணக்குப்படி, கிகாபிட் கம்பி ஆரோக்கியமாக இருந்தால் 941 வரும். ஆக, 94 என்ற எண் அசையாமல் நின்றால், வழியில் எங்கோ ஒரு இணைப்பு கிகாபிட்டிலிருந்து 100க்கு இறங்கிவிட்டது என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம்.

ஏன் இறங்குகிறது? லேன் கேபிளுக்குள் எட்டு கம்பிகள், நான்கு ஜோடிகளாக முறுக்கப்பட்டிருக்கின்றன. கிகாபிட்டுக்கு நான்கு ஜோடிகளும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு இரண்டே போதும். ஒரு கம்பி அறுந்தாலோ, கிரிம்ப் செய்தவர் நான்கு கம்பிகளை மட்டும் கோத்திருந்தாலோ, பல கருவிகள் இணைப்பைத் துண்டிப்பதில்லை. சத்தமில்லாமல் 100க்கு இறங்கி ஓடுகின்றன. விளக்கு எரிகிறது, இணையம் வருகிறது, யாருக்கும் சந்தேகம் எழுவதில்லை. கேபிள் சரியாக இருந்தும், நடுவில் பழைய 100 மெகாபிட் ஸ்விட்ச் ஒன்று உட்கார்ந்திருந்தால் இதே எண்தான் வரும்.

எது என்று பிரித்தறிய, மாடி வைஃபை பெட்டியிலிருந்து கேபிளைக் கழற்றி நேரே லேப்டாப்பில் செருகி மறுபடி ஓட்ட வேண்டும். அப்போதும் 94 என்றால் குற்றம் பெட்டியின் மேல் இல்லை, கேபிளின் மேல். நம் வீட்டில் அப்படித்தான் வந்தது. முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது, நீலக் கம்பி மற்றவற்றைப் போல நுனிவரை எட்டாமல் பாதியிலேயே நின்றிருந்தது. முனையை வெட்டிப் புதிதாக கிரிம்ப் செய்த பிறகு ஐபெர்ஃப் 941 காட்டியது. அதே பெட்டி வழியாக வைஃபையில் 500ஐ ஒட்டி வந்தது. மாடியில் ஸ்பீடு டெஸ்ட் 290.

முடிவு நேர்மாறாகவும் வரலாம். மாடியில் ஐபெர்ஃப் 500 காட்டி, ஸ்பீடு டெஸ்ட் மட்டும் 40 என்றால், வீட்டுக்குள் கேபிளை நோண்டுவதில் பயனில்லை. புகார் கொடுக்க அதுதான் சரியான நேரம்.

சோதனையே தவறாகப் போகும் இடங்களும் உண்டு. இரண்டு கருவிகளும் வைஃபையில் இருந்தால், தரவு ஒருமுறை ரவுட்டருக்கும் மறுமுறை ரவுட்டரிலிருந்தும் ஒரே காற்றலையில் பயணிக்கிறது. எண் ஏறக்குறைய பாதியாகிவிடும். அதனால்தான் ஒரு முனை கேபிளில் இருக்க வேண்டும் என்பது. `Connection refused` என்று வந்தால் பெரும்பாலும் மறுமுனையில் ஐபெர்ஃப் ஓடவில்லை என்று பொருள். பதிலே வராமல் இழுத்துக்கொண்டிருந்தால் ஃபயர்வாலைப் பார்க்க வேண்டும், அல்லது லேப்டாப் விருந்தினர் வைஃபையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்த வைஃபையில் ஒரு கருவி மற்றொன்றைப் பார்க்க முடியாதபடி ரவுட்டரே தடுத்துவிடும்.

அடுத்த முறை ஒரு அறையில் மட்டும் வேகம் குறைந்தால், புகார் எண்ணை அழுத்துவதற்கு முன் இந்த இரண்டு கட்டளைகளையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். வந்த எண்ணையும், எந்த அறை, கேபிளா வைஃபையா என்பதையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.